மொமென்டம் சேர்த்தும் 1/k² வேகம் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைத் தேடும் வழி

கிரேடியன்ட் டிசென்ட் நிரலில் மொமென்டம் வரியைச் சேர்த்துவிட்டீர்கள். ஓடுகிறது, பிழைச்செய்தி எதுவும் இல்லை. ஆனால் பாடத்தில் படித்த 1/k² வேகம், அதாவது k சுற்றுக்குப் பிறகு பிழை 1/k² அளவுக்குக் குறைவது, வரவில்லை. இந்த வகைப் பிழைகள் சத்தம் போடாது. மொமென்டம் தவறாக இருந்தாலும் விடை மெல்ல மெல்ல நெருங்கத்தான் செய்யும், அதனால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். ஆகவே முதலில் விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கணக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் சொந்தத் தரவில் தேடுவது அதற்கு அப்புறம்.

நான் எப்போதும் எடுப்பது ஒரு சங்கிலிக் கணக்கு. x-இல் 1000 எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பக்கத்து எண்ணோடு மட்டுமே தொடர்புடையது.

```python
import numpy as np
n, L = 1000, 4.0

def grad(x):
    g = 2*x
    g[:-1] -= x[1:]
    g[1:]  -= x[:-1]
    g[0]   -= 1
    return g

def gap(x):
    return 0.5*(x @ grad(x) - x[0]) + n/(2*(n+1))
```

`gap` என்பது இப்போதைய மதிப்புக்கும் மிகக் குறைந்த மதிப்புக்கும் உள்ள இடைவெளி. உண்மையான விடை x_i = 1 − i/(n+1). பூஜ்யத்தில் தொடங்கினால் விடைக்கான தூரத்தின் வர்க்கம் R² ஏறக்குறைய 333. கிரேடியன்ட் எவ்வளவு வேகமாக மாறலாம் என்பதன் உச்சவரம்பு L, இங்கே 4.

இந்தக் கணக்கை எடுப்பதற்குக் காரணம் உண்டு. பூஜ்யத்தில் தொடங்கினால் முதல் கிரேடியன்டில் முதல் எண் மட்டும் நகரும், இரண்டாவதில் முதல் இரண்டு எண்கள் நகரும். k முறை கிரேடியன்ட் கணக்கிட்ட பிறகு, கிரேடியன்டுகளை மட்டும் கூட்டிக் கழிக்கும் எந்த முறையும் k-ஆம் எண்ணைத் தாண்டிப் போக முடியாது. 1/k²-ஐ விட வேகமாக எல்லாக் கான்வெக்ஸ் கணக்குகளுக்கும் உத்தரவாதம் தர முடியாது என்று நிறுவுவதும் இதே வகைச் சங்கிலியை வைத்துத்தான். ஆக, மொமென்டத்தைச் சோதிக்க இதைவிடக் கடினமான எளிய கணக்கு கிடைப்பது அரிது.

சரியான முறை இது. யூரி நெஸ்டெரோவ் 1983-இல் தந்த முறையின், இன்று பரவலாகப் பயன்படும் வடிவம்:

```python
x = np.zeros(n); y = x.copy(); t = 1.0
for k in range(1, 1001):
    g = grad(y)
    x_new = y - g/L
    t_new = (1 + (1 + 4*t*t)**0.5)/2
    y = x_new + (t - 1)/t_new*(x_new - x)
    x, t = x_new, t_new
```

இதற்கு உத்தரவாதம்: k-ஆவது சுற்றில் இடைவெளி 2LR²/(k+1)²-ஐத் தாண்டாது. நம் சங்கிலியில் 1000-ஆவது சுற்றில் அந்த வரம்பு 0.00266. மேலே உள்ள நிரல் அங்கே 0.0006 அளவில் நிற்கும். சாதாரண கிரேடியன்ட் டிசென்ட் 0.012 அளவில் இருக்கும், அதாவது வரம்புக்கு நான்கு மடங்குக்கும் மேலே. சோதனை எளிது: 1000 சுற்று ஓட்டுங்கள், `gap(x)` 0.00266-ஐத் தாண்டினால் நிரலில் தவறு இருக்கிறது.

இரு அச்சுகளிலும் மடக்கை எடுத்த வரைபடத்தில் சாய்வு −2 இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். 1/k² என்பது உச்சவரம்பு, வளைகோட்டின் வடிவம் அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. இதே சங்கிலியில் முதல் சில நூறு சுற்றுகளுக்கு சாதாரண முறை 1/√k போலவும் நெஸ்டெரோவ் முறை 1/k போலவும் இறங்கும். அடுக்கு இரட்டிப்பாகிறது என்பது நிற்கிறது. ஆனால் −2 என்ற எண்ணைத் தேடினால் சரியான நிரலையே தவறு என்று நினைத்துவிடுவோம்.

அறிகுறி 1: ஒழுங்காக இறங்குகிறது, ஆனால் வரம்புக்கு மேலேயே நிற்கிறது

1000-ஆவது சுற்றில் என்ன எண் வருகிறது என்று பாருங்கள். 0.012 பக்கம் வந்தால் உங்கள் மொமென்டம் வேலையே செய்யவில்லை, ஓடுவது வெறும் கிரேடியன்ட் டிசென்ட். நம்பை பயன்படுத்துவோரிடம் இதற்கு முதல் சந்தேகம் இப்படி ஒரு வரி:

```python
x_old = x
x[:] = y - grad(y)/L
y = x + beta*(x - x_old)
```

`x_old = x` நகல் எடுப்பதில்லை. ஒரே அணிக்கு இரண்டாவது பெயர் வைக்கிறது. அடுத்த வரி அந்த அணியையே மாற்றிவிடுவதால் `x - x_old` எப்போதும் பூஜ்யம். `x_old = x.copy()` என்று மாற்றினால் போதும். உறுதிப்படுத்த, ஒவ்வொரு சுற்றிலும் `np.linalg.norm(x - x_old)`-ஐ அச்சிட்டுப் பாருங்கள்.

எண் 0.0035 பக்கம் வந்தால் கதை வேறு. மொமென்டம் வேலை செய்கிறது, ஆனால் மாறாமல் 0.9-லேயே நிற்கிறது. பைட்டார்ச்சில் `momentum=0.9, nesterov=True` என்று எழுதிப் பழகியவர்கள் அதே பழக்கத்தில் இங்கேயும் 0.9 போட்டுவிடுவார்கள். முந்தைய நகர்வைப் பெருக்கும் எண்தான் β, சரியான நிரலில் அது `(t - 1)/t_new`. β மாறாமல் இருந்தால், மெதுவாக நகரும் திசைகளில் மொத்த விளைவு படி அளவை 1/(1−β) மடங்கு பெருக்கியதற்குச் சமம். 0.9-க்கு அது 10 மடங்கு. ஒருமுறை 10 மடங்கு லாபம், அவ்வளவுதான். நீண்ட ஓட்டத்தில் அது பெரிய படி போடும் கிரேடியன்ட் டிசென்ட் மட்டுமே, வேகத்தின் அடுக்கு மாறாது. 1/k² வேண்டுமானால் β சுற்றுக்குச் சுற்று 1-ஐ நோக்கி ஏற வேண்டும், ஏறக்குறைய 1 − 3/k என்ற கணக்கில்.

ஏன் ஏற வேண்டும்? இதுதான் முழு விஷயத்தின் மையம். இது புரிந்தால் பின்னால் வரும் எல்லா அறிகுறிகளும் தாமாகவே விளங்கும்.

மேலே உள்ள நிரலை மூன்று புள்ளிகளாகப் பிரித்து எழுதலாம். x என்பது நாம் விடையாகத் தரும் புள்ளி. z என்பது x நகரும் திசையிலேயே நீட்டிப்போட்ட துணைப் புள்ளி. y இரண்டுக்கும் நடுவே, கிரேடியன்டை அளக்கும் இடம். a என்பது z போடும் படியின் அளவு, A என்பது இதுவரை வந்த a-க்களின் கூட்டுத்தொகை.

```
y  = (A*x + a*z)/(A + a)
x' = y - g/L
z' = z - a*g
A' = A + a
```

ஒரு கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்வோம். அதில் எழுதும் தொகை E = A·(இடைவெளி) + ½‖z − x*‖², இதில் x* என்பது உண்மையான விடை. இந்த E எந்தச் சுற்றிலும் ஏறாது என்று காட்டிவிட்டால், தொடக்கத்தில் A பூஜ்யம், E = R²/2. ஆகவே இடைவெளி எப்போதும் R²/(2A)-க்குள் இருக்கும். A எவ்வளவு வேகமாக வளர்கிறதோ அதுவே நம் வேகம்.

இப்போது ஒரு சுற்றில் கிரேடியன்ட் g என்ன செய்கிறது என்று பாருங்கள். x' போடும் படி சார்பின் மதிப்பை ‖g‖²/(2L) அளவாவது குறைக்கிறது. புத்தகத்தில் அது A' மடங்காகப் பதிவாகும், எனவே வரவு A'‖g‖²/(2L). மறுபக்கம், z ஒரு பெரிய படி போடுகிறது. z' − x* என்பதன் வர்க்கத்தை விரித்தால் a²‖g‖²/2 என்ற செலவு வருகிறது. மிச்சம் இருப்பவை g-யோடு பெருக்கப்பட்ட உள்பெருக்கங்கள். கான்வெக்ஸ் பண்பைப் பயன்படுத்திக் கூட்டினால் g·(A(y − x) + a(y − z)) என்று ஒன்றாகச் சேரும். y-ஐ மேலே சொன்னபடி தேர்ந்தெடுத்ததே இந்த அடைப்புக்குறிக்குள் இருப்பது சரியாகப் பூஜ்யமாக வேண்டும் என்பதற்காகத்தான். கிரேடியன்டை x-இல் அளக்காமல் y-இல் அளப்பதன் காரணமும் இதுவே.

ஆக ஒரே நிபந்தனைதான் மிஞ்சுகிறது: செலவு வரவைத் தாண்டக் கூடாது. அதாவது L·a² ≤ A'.

சாதாரண கிரேடியன்ட் டிசென்டையும் இதே புத்தகத்தில் எழுதலாம். அங்கே x, y, z மூன்றும் ஒரே புள்ளி, a எப்போதும் 1/L. சுற்றுக்கு 1/L வீதம் ஏறி A = k/L ஆகிறது, இடைவெளி LR²/(2k). 1/k வேகம் வந்துவிட்டது. ஆனால் 100-ஆவது சுற்றில் வரவு A'‖g‖²/(2L) = 100‖g‖²/(2L²), செலவு வெறும் ‖g‖²/(2L²). நூறு பங்கு வரவில் ஒரு பங்குதான் செலவாகிறது, மீதி 99 பங்கு பயன்படாமல் போகிறது. சுற்று ஏற ஏற இந்த வீணும் ஏறுகிறது.

நெஸ்டெரோவ் முறை வரவு முழுவதையும் செலவிடுகிறது: L·a² = A'. அப்போது a என்பது √(A'/L). A ஏற ஏற a-வும் ஏறுகிறது, a ஏறுவதால் A இன்னும் வேகமாக ஏறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் √A ஏறக்குறைய 1/(2√L) கூடுகிறது. k சுற்றுக்குப் பிறகு √A ≈ k/(2√L), எனவே A ≈ k²/(4L). இடைவெளி 2LR²/k²-க்குள் அடங்குகிறது. k வர்க்கமாவது இங்கேதான். நிரலில் உள்ள `t` வேறொன்றும் இல்லை, L·a தான். `t_new` வரியில் உள்ள வர்க்கமூலம் L·a² = A + a என்ற இருபடிச் சமன்பாட்டின் தீர்வு. β-வை 0.9-இல் நிறுத்துவது என்றால் a-யின் வளர்ச்சியை ஒரு கட்டத்தில் நிறுத்துவது. அதன்பின் A நேர்கோட்டில்தான் ஏறும், 1/k தான் கிடைக்கும்.

அறிகுறி 2: முதல் சில சுற்றுகள் நன்றாக இறங்கி, திடீரென வெடிக்கிறது

சாதாரண கிரேடியன்ட் டிசென்டில் அதே படி அளவு ஒழுங்காக ஓடியது, மொமென்டம் சேர்த்ததும் எண்கள் எல்லை மீறுகின்றன. பலர் மொமென்டம் வரியில் பிழை தேடுவார்கள். பெரும்பாலும் பிழை L-இல் இருக்கும்.

இருபடிச் சார்பில் இதைத் துல்லியமாகச் சொல்லலாம். படி அளவு s, மொமென்டம் β என்றால், வெடிக்காமல் இருக்க sL < (2 + 2β)/(1 + 2β) இருக்க வேண்டும். β = 0 என்றால் எல்லை 2. எல்லோருக்கும் மனதில் இருக்கும் எண் அது. β 1-ஐ நெருங்கும்போது எல்லை 4/3-க்கு இறங்கிவிடுகிறது. s = 1.4/L வைத்துப் பாருங்கள். கிரேடியன்ட் டிசென்டுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. நெஸ்டெரோவ் முறையில் β 0.75-ஐத் தாண்டும் வரை எல்லாம் சரியாக இருக்கும், அது ஏறக்குறைய 10-ஆவது சுற்று. அதற்குப் பிறகு மிகச் செங்குத்தான திசையில் பிழை வளரத் தொடங்கும். போகப் போக ஒவ்வொரு சுற்றிலும் 1.15 மடங்கு என்ற வீதத்தை நெருங்கும், குறி மாறி மாறி வரும். இந்தக் குறி மாற்றம்தான் அடையாளம். `x_new - x`-க்கும் அதற்கு முந்தைய நகர்வுக்கும் உள்ள உள்பெருக்கம் தொடர்ந்து எதிர்மறையாக இருந்தால் L-ஐத்தான் சந்தேகிக்க வேண்டும்.

L குறைவாக வருவதற்குப் பொதுவான வழி ஒன்று உண்டு. பவர் இட்டரேஷன் கொண்டு மிகப் பெரிய ஐகன் மதிப்பைக் கணக்கிடுகிறோம். அது எப்போதும் கீழிருந்துதான் உண்மை மதிப்பை நெருங்கும். சில சுற்றிலேயே நிறுத்தி, கிடைத்தது உண்மை L-இல் 70 சதவீதம் என்றால், sL = 1.43. கிரேடியன்ட் டிசென்ட் அதைப் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. கூடுதல் சுற்று ஓட்டி, கிடைத்த மதிப்பைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். அல்லது ஒவ்வொரு சுற்றிலும் `f(x_new) <= f(y) - (g @ g)/(2*L)` என்று சோதித்து, பொய்யானால் L-ஐ இரட்டித்து அந்தச் சுற்றையே மறுபடி செய்யுங்கள். மேலே வரவு என்று சொன்ன தொகை உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்று சரிபார்ப்பதுதான் இந்த வரி.

அறிகுறி 3: இடைவெளி அலையலையாக ஏறி இறங்குகிறது

இது பிழை அல்ல. புத்தகத்தில் ஏறாமல் இருப்பது E மட்டும்தான். சார்பின் மதிப்பு ஏறாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஆனாலும் இதைச் சரிசெய்தால் பெரிய லாபம் இருப்பதால் கவனிக்கத்தான் வேண்டும்.

காரணம், சார்புக்கு அடியில் கொஞ்சம் வளைவு இருக்கிறது. அதன் மிகக் குறைந்த வளைவு μ என்றால், தேவையான மொமென்டம் ஏறக்குறைய 1 − 2√(μ/L) மட்டுமே. ஆனால் நம் β அதையும் தாண்டி 1-ஐ நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் விடையைத் தாண்டி ஓடி, திரும்பி வருகிறது. நம் சங்கிலியில் √(L/μ) ஏறக்குறைய 637. 950 சுற்று வாக்கில் β தேவையைத் தாண்டிவிடும். அதன்பின் வரும் அலைகள் சுமார் 2000 சுற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கும். இது தற்செயல் இல்லை. s = 1/4 என்பதால் சங்கிலியில் மாற்றம் சுற்றுக்கு அரை எண் வீதம் பரவுகிறது, 1000 எண்களைக் கடக்க 2000 சுற்று ஆகிறது.

μ தெரிந்தால் β-வை அந்த மதிப்பிலேயே நிறுத்தலாம். நடைமுறையில் μ தெரிவதில்லை. அதற்கு ஓ'டொனஹியூ, கான்டேஸ் இருவரும் தந்த வழி, தேவைப்படும்போது மொமென்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. `y` வரிக்குப் பதிலாக இதை வையுங்கள்:

```python
if g @ (x_new - x) > 0:
    t_new, y = 1.0, x_new
else:
    y = x_new + (t - 1)/t_new*(x_new - x)
```

நிபந்தனை சொல்வது: நாம் போகும் திசையில் சார்பு ஏறத் தொடங்கிவிட்டது. ஒரு உள்பெருக்கம் மட்டுமே கூடுதல் வேலை, சார்பின் மதிப்பைக் கணக்கிட வேண்டியதே இல்லை. அலை மறைந்து, அரை மடக்கை வரைபடத்தில் ஏறக்குறைய நேர்கோடாக இறங்கும். இடைவெளியை ஒரு குறிப்பிட்ட மடங்கு குறைக்கத் தேவையான சுற்றுகள் √(L/μ) வரிசையில் இருக்கும், அதாவது சங்கிலிக்கு 637-இன் சில மடங்கு. சாதாரண முறைக்கு அது L/μ வரிசை, இங்கே நான்கு லட்சத்துக்கும் மேல்.

ஆனால் மீள்தொடக்கம் சில சுற்றுகளுக்கு ஒருமுறை நடந்துகொண்டே இருந்தால் அறிகுறி 2-க்குத் திரும்பிப் போங்கள். L தவறாக இருக்கும்போது இந்த நிபந்தனை வெடிப்பை மூடி மறைத்துவிடும். அப்போது உங்களிடம் ஓடுவது மீண்டும் கிரேடியன்ட் டிசென்ட்தான். எத்தனை முறை மீள்தொடங்கியது என்று எண்ணி வையுங்கள்.

அறிகுறி 4: இறங்கி, ஓரிடத்தில் நின்று, பிறகு மெல்ல ஏறுகிறது

கிரேடியன்ட் துல்லியமானது இல்லை. மினிபேட்சிலிருந்து வருகிறது, அல்லது உள்ளே இன்னொரு கணக்கைப் பாதியில் நிறுத்தி எடுத்திருக்கிறீர்கள். சாதாரண முறை ஓர் உயரத்தில் போய் அப்படியே நிற்கும். வேகமான முறை நிற்காமல் ஏறும்.

புத்தகத்தைத் திறந்தால் காரணம் தெரியும். k-ஆவது சுற்றில் z போடும் படி a ≈ k/(2L). 1000-ஆவது சுற்றில் அது சாதாரண படியின் 500 மடங்கு. கிரேடியன்டில் σ² அளவு இரைச்சல் இருந்தால் அதன் செலவு சுற்றுக்கு a²σ²/2. k சுற்றுகளுக்குக் கூட்டினால் k³ வரிசையில் வரும். இடைவெளியைப் பெற k² வரிசையில் உள்ள A-ஆல் வகுத்த பிறகும் ஒரு k மிஞ்சுகிறது. இரைச்சலின் பங்கு சுற்றுக்குச் சுற்று ஏறுகிறது. சாதாரண முறையில் a மாறாததால் அது ஏறுவதில்லை. டெவோல்டர், க்ளினெர், நெஸ்டெரோவ் மூவரும் 2014-இல் இந்தப் பரிமாற்றத்தைக் கட்டுரையாகவே எழுதினார்கள்: வேகமான முறையில் கிரேடியன்டின் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

சோதிக்க, ஒரே ஒரு ஓட்டத்தை முழுத் தரவின் கிரேடியன்டோடு ஓட்டுங்கள். ஏற்றம் காணாமல் போனால் காரணம் இரைச்சல்தான். பேட்சை எட்டு மடங்காக்கினால், இடைவெளி இறக்கத்திலிருந்து ஏற்றத்துக்குத் திரும்பும் சுற்று ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளிப்போகும், ஏனென்றால் இந்தக் கணக்கில் அந்த இடம் σ²-இன் கனமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். எட்டு மடங்கு செலவுக்கு இரண்டு மடங்கு நேரம் என்பது நல்ல பேரம் இல்லை. அதனால் என் தேர்வு, திரும்பும் சுற்றுக்குக் கொஞ்சம் முன்பே β-வின் ஏற்றத்தை நிறுத்தி, அங்கிருந்து படி அளவைக் குறைத்துக்கொண்டே போவது. இரைச்சல் நிறைந்த பயிற்சிகளில் β-வை 0.9-இல் வைப்பது அறிகுறி 1-இல் தவறாக இருந்தாலும் இங்கே நியாயமான தேர்வு. அங்கே யாரும் 1/k² கேட்கவில்லை.

அறிகுறி 5: இருபடிக் கணக்கில் அருமை, மற்றதில் ஒரே வட்டத்தில் சுற்றுகிறது

கிரேடியன்டை y-இல் அளக்காமல் x-இல் அளக்கிறீர்களா என்று பாருங்கள். அது 1964-இல் போல்யாக் தந்த ஹெவி பால் முறை. இருபடிச் சார்பில் சரியான அளவுகள் வைத்தால் அது நெஸ்டெரோவ் முறையையே முந்தும். வேறு சார்புகளில் அந்த அளவுகள் எதையும் உறுதியளிப்பதில்லை. லெசார்ட், ரெக்ட், பேக்கார்ட் 2016-இல் ஒரே மாறி கொண்ட, வளைவு 1-க்கும் 25-க்கும் இடையில் மட்டும் மாறும் ஒரு கான்வெக்ஸ் சார்பைக் காட்டினார்கள். இருபடிக்கு மிகச் சிறந்த அளவுகளோடு ஹெவி பாலை அதில் ஓட்டினால் விடையை நெருங்காமல் ஒரே சுழற்சியில் மாட்டிக்கொள்ளும். உங்கள் நிரலில் `grad(x)` என்று இருக்கும் இடத்தை `grad(y)` ஆக்கி, சங்கிலிக் கணக்கில் 0.00266-க்குக் கீழே வருகிறதா என்று மறுபடி பாருங்கள்.